"Nsr" யார்? எங்கள் ஊர் பெயரைச் சுருக்கி வந்த கதை

வட்ஸ்அப் குழுக்களில் இப்போது அடிக்கடி நடக்கும் ஒரு சங்கதி. "Nsr ku A+ blood venum, urgent" என்று ஒரு தகவல் வருகிறது. அடுத்த ஐந்து நிமிடத்துக்கு இரத்தம் கொடுப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. "எந்த Nsr?" என்றுதான் கேட்கிறார்கள். நஸீரா, நஸாரா, நிஸாரா, நுஸ்ரத்தா? ஒருவர் நஸீர் நானாவின் வீட்டுக்குக் கோல் எடுக்கிறார். அந்த வீட்டார் பதறிப் போகிறார்கள். வைத்தியசாலையில் இருப்பதோ நுஸ்ரத். அனுப்பியவருக்கு மிச்சமானது மூன்று எழுத்துத் தட்டும் நேரம் மட்டும்தான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெயரைக் கொத்தி விட்டார்கள்" என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். ஆனால் பெயரைச் சுருக்குவது கைத்தொலைபேசியோடு வந்த பழக்கமல்ல. நாங்கள் பல தலைமுறையாகச் செய்து வருவதுதான். மூத்தவாப்பாமார் வெட்டிய பெயர்களைக் கேட்டால் ஆளைத் தெரிகிறது, நாம் வெட்டும் பெயர்களைக் கேட்டால் தெரியவில்லை. அவர்கள் எங்கே வெட்டினார்கள், நாம் எங்கே வெட்டுகிறோம் என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*முதல் வெட்டு: லெப்பை*

எங்கள் பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். உதுமாலெப்பை, இஸ்மாலெப்பை, இப்றாலெப்பை, ஆதம்லெப்பை, அகமதுலெப்பை என்று வரிசையாக இருக்கும். உதுமாலெப்பை என்றால் உதுமான் லெப்பை. இஸ்மாலெப்பை என்றால் இஸ்மாயில் லெப்பை. இப்றாலெப்பை என்றால் இப்றாஹீம் லெப்பை. வாயால் கூப்பிட்டுக் கூப்பிட்டே பெயர் தேய்ந்தது. தேய்ந்த பெயரையே பதிவாளரும் நொத்தாரிசும் எழுதினார்கள். பிறகு அதுவே முழுப் பெயராகி விட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, பெயரின் எந்த இடம் தேய்ந்தது என்பதுதான். உதுமானில் "ன்" போனது. இஸ்மாயிலில் "யில்" போனது. இப்றாஹீமில் "ஹீம்" போனது. எல்லாவற்றிலும் வால்தான் வெட்டுப்பட்டது, தலை அப்படியே நின்றது. தலை நின்றது என்றால் முதல் எழுத்து மட்டுமல்ல. "உதுமா", "இஸ்மா", "இப்றா" என்று உயிரும் மெய்யும் சேர்ந்து முழு அசைகளாக நின்றன. யாரும் "உத்ம்லெப்பை" என்று சுருக்கவில்லை, வாயால் அப்படிச் சொல்லவும் முடியாது. வாய்க்கு வராத சுருக்கம் அன்று பிறக்கவே வழியில்லை. அதுதான் அந்தக் காலத்துப் பெயர்களுக்கு இருந்த காவல்.

வீட்டுச் செல்லப் பெயர்களும் இதே வழிதான். நஸ்ரின் "நஸு" ஆவாள், ரிஸ்னா "ரிஸு" ஆவாள், ரில்வான் "ரிலு" ஆவான். முதல் அசையின் உயிரெழுத்தை யாரும் தொடுவதில்லை. நிஸாரை "நஸு" என்று கூப்பிடும் உம்மா கிடையாது. அவன் "நிஸு"தான். படிக்காத உம்மம்மாமாருக்கும் இந்த விதி தெரிந்திருந்தது.

*இரண்டாம் வெட்டு: இனிஷியல்*

வெள்ளையர் ஆட்சியில் பதிவுகள் ஆங்கிலத்துக்குப் போன போது அடுத்த வெட்டு வந்தது. முன்னால் நிற்கும் பெயர்கள் ஒற்றை எழுத்தாகின.

எங்கள் சமூகத்தின் பெரிய முன்னோடி சித்தி லெப்பையை எடுத்துக் கொள்வோம். 1882இல் கண்டியில் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியவர். 1885இல் "அஸன்பேயுடைய கதை" என்ற நாவலை வெளியிட்டவர். அவரை எம்.சி. சித்தி லெப்பை என்று எல்லோருக்கும் தெரியும். எம். என்றால் முஹம்மது. சரி, அந்த "சி" எது? தமிழில் மட்டும் வாசிக்கிற பிள்ளை சித்தீக், சீனி, சிராஜ் என்றெல்லாம் ஊகிக்கும். உண்மையில் அது காசிம். ஆங்கிலத்தில் அப்போது Cassim என்று எழுதினார்கள், அதனால் சி வந்தது. அதே காசிமை Kasim என்று எழுதிய வீட்டில் அது "கே" ஆகும். காதரும் அப்படித்தான். Cader என்றால் சி, Kader என்றால் கே. உதுமானை Uthuman என்று எழுதிய வீட்டில் "யூ", Othman என்று எழுதிய வீட்டில் "ஓ".

ஆக, இனிஷியல் பெயரின் ஓசையிலிருந்து பிறக்கவில்லை. அந்த வீட்டார் ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டலிலிருந்துதான் பிறந்தது. அதனால்தான் இனிஷியலை விரித்துச் சொல்ல ஊர் அறிவு வேண்டியிருக்கிறது. "ஐ.எல்." என்பது இஸ்மாலெப்பையா இப்றாலெப்பையா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டைத் தெரிந்தால்தான் சொல்லலாம்.

அவருடைய நாவலின் பெயரிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. கதாநாயகனின் பெயர் ஹஸன், தமிழில் அஸன். "ஹ" விழுந்திருக்கிறது. ஆனாலும் வாசித்தவர் எவருக்கும் ஆள் மாறவில்லை. உசன், அசனார், உசனார் என்று எங்கள் ஊர்களிலும் "ஹ" இல்லாமலே நூறு வருடம் ஓடியிருக்கிறது. சில எழுத்துகள் விழுந்தாலும் பெயர் நிற்கும், சில எழுத்துகள் விழுந்தால் பெயரும் விழுந்து விடும். எல்லா எழுத்துக்கும் ஒரே பாரம் இல்லை.

*எங்கள் பெயரில் ஆள் கடைசியில் நிற்கிறார்*

வெள்ளைக்காரர் பெயரில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். அதை அவர்கள் பல இடங்களில் விட்டு விடலாம், முன்னால் நிற்கும் பெயரே ஆளைச் சொல்லும். எங்கள் வழக்கம் தலைகீழ். கடைசிப் பெயர்தான் ஆள். முன்னால் நிற்பவை வாப்பாவின் பெயரும், ஆண் பிள்ளைக்கு முஹம்மதும், பெண் பிள்ளைக்குப் பாத்திமாவும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக் கொள்வோம். வாப்பா முஹம்மது நிஸார். பிள்ளைகள் மூவர். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் இப்படி இருக்கிறது:

Mohamed Nizar Mohamed Naseer
Mohamed Nizar Mohamed Nazeem
Mohamed Nizar Fathima Nasrin

முதல் பெயரை இடைவெளியோடு எண்ணினால் 28 எழுத்து. முன்னால் உள்ள மூன்றையும் இனிஷியலாக்கி MNM Naseer என்று எழுதினால் 10 எழுத்து. 18 எழுத்து மிச்சம். ஆளும் அப்படியே நிற்கிறார். மூன்றாவது பெயரும் 28தான். MNF Nasrin என்றால் அதுவும் 10. நடுவில் நிற்கும் M, F என்ற ஓரெழுத்து, பிள்ளை ஆணா பெண்ணா என்றும் சொல்லி விடுகிறது. அதனால் அந்த எழுத்தை விடக் கூடாது.

இனி, இதையும் குறைக்கலாம் என்று MNM Nsr என்று எழுதுகிறோம். 7 எழுத்து. மேலதிகமாகக் கிடைத்த இலாபம் வெறும் மூன்று எழுத்து. ஆனால் போனது ஆள். MNM என்பது அந்த வீட்டின் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் பொது. மீதமுள்ள Nsr ஊரில் பலருக்குப் பொது. பதினெட்டு எழுத்தை நட்டமில்லாமல் மிச்சம் பிடித்தவர்கள், கடைசி மூன்று எழுத்துக்காக ஆளைத் தொலைத்து விடுகிறோம்.

இதைவிட மோசமானது, ஆங்கில வழக்கைப் பார்த்து Mohamed N. என்று எழுதுவது. முஹம்மது முழுதாக நிற்கிறது, ஆள் ஓரெழுத்தாகி விட்டார். ஆண் பிள்ளைகள் பாதிப் பேருக்கு மேல் முஹம்மது இருக்கிற வகுப்பில் அது யாரையும் குறிக்காது. தொலைபேசியில் இலக்கம் சேமிக்கும் போதும் இதே பிழை நடக்கிறது. Mohamed என்று தொடங்கி நாற்பது பேரைச் சேமித்து விட்டு, அவசரத்துக்கு ஒருவரைத் தேடி விரல் நோகத் தள்ளிக் கொண்டிருக்கிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அப்துல் என்று தொடங்கும் பெயர்களில் இரண்டு துண்டும் சேர்ந்துதான் ஒரு பெயர். "அப்துல்" என்று மட்டும் எழுதினால் பொருளும் முடியாது, ஆளும் தெரியாது. பின்னால் உள்ளதை மட்டும் எழுதுவது, அதிலும் ரஹ்மான், ரஸ்ஸாக் போன்ற பெயர்களில், மார்க்கப்படி பலருக்கு மனம் ஒப்பாத காரியம். இதற்கும் எங்கள் பெரியவர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஸாஹிரா கல்லூரியின் அதிபராக இருந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸின் முழுப் பெயர் அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ். கடைசி "ஏ" அப்துலுக்கு உரியது. சுருக்கினாலும் அந்த ஏ அஸீஸுடன் ஒட்டியே நின்றது. நாமும் A Azeez, A Rahman என்று அந்த ஓரெழுத்தை விடாமல் எழுதலாம்.

*ரிழ்வானும் ரில்வானும் ரிஸ்வானும்*

இப்போது எழுத்து மாற்றத்துக்கு வருவோம். எங்கள் பெயர்கள் அரபியில் பிறந்து, தமிழில் வளர்ந்து, ஆங்கில எழுத்தில் பாடசாலைக்குப் போகின்றன. மூன்று வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது மாறுகிறது.

அரபியில் "ழாத்" என்று நாங்கள் ஓதும் எழுத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஓசை தமிழில் இல்லை. எங்கள் ஆலிம்கள் அதற்கு "ழ"வை வைத்தார்கள். ரமழான் என்று நாங்கள் எழுதுவது அப்படி வந்ததுதான். இந்திய வட மாநிலங்களில் பாரசீக, உருது வழக்கில் அது "ஸ" போல ஒலித்து ரம்ஸான் ஆனது. அரபு நாட்டுக்காரர் ஆங்கிலத்தில் Ramadan என்று "ட" ஓசை வர எழுதுகிறார்கள். மாதம் ஒன்றுதான், வாசல்தான் மூன்று.

பெயருக்கும் அதே கதி. ரிழ்வான் என்ற பெயர் எங்கள் வாயில் ரில்வான் ஆகி, ஆங்கிலத்தில் Rilwan ஆனது. அதே பெயர் பாகிஸ்தானில் Rizwan, அரபு நாட்டில் Ridwan. Rilwan என்ற எழுத்துக்கூட்டலைப் பார்த்தவுடன் "இவர் எங்கட ஆள்" என்று வெளிநாட்டில் கூட நாங்கள் அடையாளம் காண்கிறோம். நிஸாமுத்தீன் எங்களிடம் Nilamdeen ஆனதும், Nazeem என்ற பெயர் Naleem என்றும் எழுதப்படுவதும் இதே வகை. அது "ழாத்" அல்ல, "ளா" என்று நாங்கள் ஓதும் இன்னொரு எழுத்து. லுஹர்த் தொழுகையில் வருகிற அதே எழுத்து.

இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகிறவர்கள் உண்டு. Rilwan என்று அடையாள அட்டை வைத்திருப்பவரை, "சரியான உச்சரிப்பு" என்று Rizwan என்றோ Ridwan என்றோ குழுவில் எழுதுகிறார்கள். இதில் இரண்டு தொல்லை. ஒன்று, அதே ஊரில் உண்மையாகவே Rizwan என்று எழுதும் இன்னொருவர் இருப்பார். இரண்டு, பின்னர் அந்தப் பெயரைத் தேடுகிறவர் Rilwan என்று தட்டினால் Rizwan என்று எழுதிய பழைய தகவல் கிடைக்காது. தொலைபேசிக்கு இரண்டும் ஒரு பெயர் என்று தெரியாது. அதற்கு எழுத்துதான் தெரியும்.

ஆகவே மற்றவருடைய பெயரை எழுதும் போது, அரபியில் எது சரி என்று பார்ப்பதை விட அவர் எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பதே சரி. அவருடைய பெயருக்கு அவரே பதிவாளர்.

*மூன்றாம் வெட்டு: குறுந்தகவல்*

Nsr எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழைய கைத்தொலைபேசிக் குறுந்தகவல் ஒன்றில் 1120 பிட் அளவு இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் எழுத்துக்கு 16 பிட் வேண்டும், அதனால் 70தான் கொள்ளும். தமிழில் புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ரிழ்வான் என்று எழுத 8 இடம் போகும். Rilwan என்றால் 6. இடைவெளியும் சேர்த்துப் பார்த்தால், ஒரு குறுந்தகவலில் தமிழில் ஏழு ரிழ்வான்கள், ஆங்கில எழுத்தில் இருபத்துமூன்று Rilwanகள். அதற்கு மேல் போனால் இரண்டு தகவலுக்குக் காசு வெட்டும். அன்றைய பல போன்களில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. தமிழைக் கைவிட்டு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பழக்கம் இந்த நெருக்கடியில்தான் வேரூன்றியது. இன்னும் இடம் பிடிக்க உயிரெழுத்துகளைப் பிடுங்கி எறிந்தோம். Mohamed, Mhd ஆனது. Nasrin, Nsrn ஆனது.

இன்று வட்ஸ்அப்பில் அந்த 160 என்ற வேலி இல்லை. எழுத்துக்குக் காசும் இல்லை. வேலி போய் விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

"அரபியிலும் உயிர்க்குறி இல்லாமல்தானே எழுதுகிறார்கள், அவர்களுக்கு விளங்குகிறதே?" என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. விளங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கிறது.

ஒன்று, அரபியில் விடுபடுவது ஹரகத் என்ற குறில் குறிகள் மட்டும்தான். நெடில் எழுத்தாகவே நிற்கும். நஸீரில் "யே" இருக்கும், நிஸாரில் "அலிஃப்" இருக்கும். இரண்டும் குழம்பாது. இரண்டாவது, எங்கள் காதுக்கு "ஸ" போலக் கேட்கும் ஓசைக்கு அரபியில் பல எழுத்துகள் உண்டு. உதவியாளர் என்ற பொருள் தரும் நஸீரில் "ஸாத்". எச்சரிப்பவர் என்ற பொருள் தரும் நஸீரில் புள்ளி வைத்த "தால்". உயிர்க்குறி இல்லாவிட்டாலும் மெய்யெழுத்தே பெயரைப் பிரித்துக் காட்டி விடும்.

அந்த எழுத்துகள் தமிழ் வாசலுக்குள் வரும் போது எல்லாம் ஒரே "ஸ" ஆகின்றன. ஆங்கில வாசலில் s, z என்று இரண்டாகின்றன, அதையும் நாங்கள் கலந்தே எழுதுகிறோம். ஆகவே எங்கள் எழுத்தில் பெயரைப் பிரித்துக் காட்டும் வேலை முழுவதும் உயிரெழுத்தின் தலையில் விழுந்து விட்டது. நஸீர், நஸார், நிஸார், நுஸ்ரா எல்லாவற்றிலும் மெய் ஒன்று போலத்தான், உயிர்தான் வேறு. அந்த உயிரையும் பிடுங்கினால் மிஞ்சுவது Nsr. அரபுக்காரர் விட்டதை நாங்களும் விட்டால் அவருக்குச் சேதமில்லை, எங்களுக்குச் சேதம்.

நெடிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் Salim என்று எழுதினால் அது ஸலீமா ஸாலிமா? Hakim என்றால் ஹகீமா ஹாகிமா? Rafi என்றால் ரபீயா ராபியா? அரபியில் இவை வேறு வேறு பெயர்கள். எங்கள் முன்னோர் Azeez, Naleem, Saleem என்று இரண்டு e வைத்து எழுதியது அழகுக்காக அல்ல, நெடிலைக் காட்டத்தான். அதை ஓர் i ஆக்கும் போது ஓரெழுத்து மிச்சமாகிறது. பள்ளிவாசலில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கப் போகிறவர் வேறொருவரை மௌத்தாக்கி விடவும் இடமிருக்கிறது.

*பட்டப் பெயரின் இடம்*

ஜனாஸா அறிவித்தல் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும். எங்கள் ஊர்களில் ஒருவரின் முழுப் பெயரை மட்டும் வாசித்தால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. அதற்காகத்தான் அறிவித்தலில் "இன்னாரின் கணவரும், இன்னாரின் தகப்பனாரும், இன்ன வீதியைச் சேர்ந்தவரும்" என்று நீட்டுகிறார்கள். ஊரறிந்த பெயர் ஒன்றிருந்தால் அதையும் சேர்க்கிறார்கள். சுருக்கம் ஆளை மறைக்கும் இடத்தில் உறவும் வீதியும் ஆளைக் காட்டும். இது எங்கள் ஊர் கண்டுபிடித்த நல்ல முறை. குழுத் தகவலிலும் இதையே செய்யலாம். இரண்டு நஸீர் இருந்தால் Naseer 1, Naseer 2 என்று இலக்கம் போட வேண்டாம். "Nizar Naseer" என்று வாப்பாவின் பெயரை முழுதாக விடலாம், அல்லது "Naseer sir", "Naseer, kadai" என்று ஒரு சொல் சேர்க்கலாம்.

பட்டப் பெயரைச் சேர்க்கும் போது ஓர் எல்லை உண்டு. கடை, தொழில், வீதி, செல்லப் பெயர் இவற்றால் வந்த பெயர்கள் ஒரு வகை. உடற்குறையாலும் கேலியாலும் வந்தவை இன்னொரு வகை. ஒருவரை இழிவான பட்டப் பெயரால் கூப்பிடுவதை ஸூரதுல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆளை அறிய வேறு வழி இருக்கும் போது அந்தப் பெயரை எழுத்தில் பதியத் தேவையில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகும், குழுவில் எழுதியது அவருடைய பேரப்பிள்ளைக்கும் கிடைக்கும்.

செல்லப் பெயருக்கும் அளவு உண்டு. "நஸு" என்பது வீட்டுக் குழுவில் ஒரே ஆள். வகுப்புக் குழுவில் நஸ்ரின், நஸ்ரியா, நஸ்மியா, நஸீரா நால்வரும் நஸுதான். பெயரைச் சுருக்க முன், அதை வாசிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர், அதே தலை உள்ள பெயர்கள் அவர்களுக்கு எத்தனை தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். சுருக்கிய பெயரை வாய் விட்டு ஒரு தரம் சொல்லியும் பார்க்கலாம். "நஸ்ரின்" என்று சொல்ல முடிகிறது. "ந்ஸ்ர்ன்" என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததை வாசிக்கிறவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

*சுருக்கவே கூடாத இடம்*

பாடசாலையில் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பரீட்சை விண்ணப்பத்துக்கும் புலமைப்பரிசில் பட்டியலுக்கும் பெயர் கேட்டுக் குழுவில் தகவல் போடுகிறோம். பெற்றோர் அவசரத்தில் "MNF Nasrin" என்று அனுப்புகிறார்கள். அதை ஒருவர் விரித்து எழுதுகிறார். N என்பது Nizar என்று அவருக்குத் தெரியும், ஆனால் Nisar என்று எழுதி விடுகிறார். Fathima என்பதை Fathma என்று எழுதி விடுகிறார். தமிழ்ப் பட்டியலில் அதுவே பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று மூன்றாகிறது. பிள்ளை பரீட்சை எழுதி, பெறுபேறும் வந்து, கடவுச்சீட்டுக்கோ பல்கலைக்கழகப் பதிவுக்கோ போகும் நாளில்தான் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழும் பொருந்தவில்லை என்று தெரிய வருகிறது. "இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி முடிக்க அலைய வேண்டி வருகிறது. ஓரெழுத்துக்காக ஒரு குடும்பம் நாள் கணக்கில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறது.

இதற்கு ஒரே வழிதான். பட்டியலுக்குப் பெயர் கேட்டால் தட்டி அனுப்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழைப் படம் பிடித்து, வகுப்பாசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். பட்டியல் தயாரானதும் பிள்ளையின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பாக s அல்லது z, i அல்லது ee, th அல்லது t, l அல்லது z இந்த நான்கு இடத்தையும் பாருங்கள். எங்கள் பெயர்கள் உடைவது பெரும்பாலும் இந்த நான்கு மூட்டில்தான்.

சாதாரணப் பேச்சில் சுருக்குங்கள், தவறில்லை. முன்னால் உள்ளதை இனிஷியலாக்குங்கள், கடைசிப் பெயரை முழுதாக விடுங்கள், அவர் எழுதும் எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள், உயிரெழுத்தைப் பிடுங்காதீர்கள். இப்றாஹீமை இப்றா ஆக்கிய மூத்தவாப்பா செய்ததும் இவ்வளவுதான்.

உங்கள் மூத்தவாப்பாவின் இனிஷியல்களுக்கு முழுப் பெயர் தெரிந்தவர்கள் அதை எழுதி வையுங்கள். வீட்டிலுள்ள உறுதியையோ பழைய விவாகப் பதிவையோ பார்த்து எழுதினால் இன்னும் நல்லது. "ஐ.எல்." யார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்து கொண்டே போகிறார்கள்.